காய்ச்சல் விட்ட அந்தக் காலை: வார்ட் பயிற்சி பற்றிய மீள்சிந்தனைக் கட்டுரையை எழுதுவது எப்படி?

வார்ட் பயிற்சி முடிந்து வரும் தாதிய மாணவர்களிடம் ஒரு கட்டுரை கேட்பார்கள். "ரிஃப்ளெக்டிவ் எஸ்ஸே, 1,500 சொற்கள், கிப்ஸ் வட்டத்தைப் பயன்படுத்தவும்" என்று அறிவித்தலில் ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் விளக்கம் பெரும்பாலும் இருக்காது. நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்கள் வரைவுகளைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். அந்த வரைவுகளில் திரும்பத் திரும்பக் கண்ட சிக்கல்களை வைத்தும், மாணவியாக இருந்தபோது நானே எழுதிய ஒரு கட்டுரையை வைத்தும் இதை எழுதுகிறேன்.

கிரஹாம் கிப்ஸ் தாதியல்ல, கல்வியியலாளர். செய்து பார்த்துக் கற்பது எப்படி என்று ஆசிரியர்களுக்காக 1988இல் எழுதிய நூலில்தான், நடந்த ஒன்றைப் படிப்படியாகத் திரும்பிப் பார்க்கும் இந்த வட்டத்தைத் தந்தார். தாதியக் கல்வி அதை எடுத்துத் தன்னுடையதாக்கிக் கொண்டது. வட்டத்தில் ஆறு படிகள்: விவரிப்பு, உணர்வுகள், மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்திட்டம். உங்கள் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் டிஸ்கிரிப்ஷன், ஃபீலிங்ஸ், எவலுவேஷன், அனலிசிஸ், கொன்குளூஷன், அக்‌ஷன் பிளான் என்று தலைப்புகள் வரும். ஆறையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொன்றுக்குள்ளும் எது வர வேண்டும், எது வரக் கூடாது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

பத்து நிமிடங்களைத் தெரிவு செய்யுங்கள்

எட்டுக் கிழமைப் பயிற்சி கடினமாக இருந்தது என்றால் அந்த எட்டுக் கிழமையையும் எழுதத்தான் மனம் வரும். முதல் நாள் வழி தெரியாமல் நின்றது, சிஸ்டர் ஏசியது, இரவு வேலை, ஒரு நோயாளி இறந்தது, எல்லாம் வந்துவிடும். அப்படி எழுதினால் 1,500 சொற்களில் 900 சொற்கள் கதை சொல்லவே போய்விடும். மிச்சத்தில் எதையும் ஆராய முடியாது.

கட்டுரைக்கு வேண்டியது ஒரு சம்பவம், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் நடந்த ஒன்று. எதைத் தெரிவு செய்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தச் சம்பவத்தில் நீங்கள் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். பேசாமல் இருந்ததும் ஒரு முடிவுதான். ஒரு மரணத்தைத் தூரத்தில் நின்று பார்த்தது மனதை உலுக்கியிருக்கலாம், ஆனால் அதில் நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றால் பகுப்பாய்வுக்கு வரும்போது எழுத ஒன்றும் இராது.

என் சம்பவத்தைச் சொல்கிறேன், இதை வைத்தே ஆறு படிகளையும் பார்ப்போம். மாரி மழை விட்டு விட்டுப் பெய்த காலம், நுளம்பு பெருகி டெங்கு கூடியிருந்தது. நான் இரண்டாம் வருடம், பெண்கள் மருத்துவ வார்டில் பயிற்சி. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். காலை பத்து மணிக்கு வெப்பநிலை பார்த்தேன், 37.2 பாகை. முந்திய நாள் 39இல் இருந்தது. பிரஷர் 100க்கு 80. காலை ஆறு மணிக்கு 110க்கு 70. நாடித் துடிப்பு 116. கை குளிர்ந்திருந்தது, மழைக்காலம்தானே என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த தாய் கேட்டா, "காய்ச்சல் விட்டிட்டுது என்ன பிள்ளை? இனி வீட்டை போகலாமோ?" நான் சிரித்துக்கொண்டு, "ஓம் அம்மா, நல்லா வருது, பயப்பிடாதேங்கோ" என்றேன். அட்டவணையில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

இருபது நிமிடம் கழித்து வார்ட் பொறுப்புத் தாதி அந்த அட்டவணையைப் பார்த்தார். உடனே பிள்ளையின் விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளிறிய நிறம் சிவக்க நாலு விநாடி எடுத்தது. டொக்டரைக் கூப்பிட்டார், சேலைன் ஏறத் தொடங்கியது. பிள்ளை தேறிவிட்டாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நூறுக்கும் எண்பதுக்கும் இடையிலை எவ்வளவு எண்டு பாத்தனீரோ?"

அன்றிரவே, தமிழில்

கட்டுரை கொடுக்க இரண்டு கிழமை இருக்கலாம். குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். ஒரு கொப்பியில் அரைப் பக்கம் போதும். எத்தனை மணி, என்ன அளவு, யார் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன். இரண்டு நாள் போனாலே நாங்கள் சொன்ன வசனம் நல்ல வசனமாக மாறிவிடும். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் அம்மா" என்று சொன்னதாகவே மனம் நம்பத் தொடங்கும். நான் சொன்னது "நல்லா வருது". அந்த இரண்டு சொல்லும் கொப்பியில் இருந்ததால்தான் பிறகு அவற்றைப் பற்றி எழுத முடிந்தது.

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் நேரே எழுதும்போது எங்களிடம் இருக்கும் உணர்ச்சிச் சொற்கள் மூன்று நாலுதான். "சாட்", "பாட்", "நேர்வஸ்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். தமிழில் எழுதினால் வெட்கம் வேறு, குற்றவுணர்வு வேறு, ஏமாற்றம் வேறு என்று தானாகப் பிரியும். "நெஞ்சு திக்கெண்டது" என்று குறித்துவிட்டு, அது எந்த நேரத்தில் என்றும் குறியுங்கள். பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டு போகும்போது சரியான சொல்லைத் தேடுவது எளிது, ஏனென்றால் எதைத் தேடுகிறோம் என்று தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். நோயாளிக்குப் பாதிப்பு வரக்கூடிய பிழையென்றால் அது முதலில் பொறுப்புத் தாதியிடம் போக வேண்டும். கொப்பியும் கட்டுரையும் அதற்குப் பதில் ஆகாது.

யாரென்று தெரியக் கூடாது

பெயர் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணம் சின்ன ஊர். ஊர்ப்பெயர், தகப்பனின் தொழில், வயது, வருத்தம் என்ற நாலையும் சேர்த்துப் போட்டால் பெயர் தேவையில்லை, வாசிப்பவருக்கு ஆள் தெரிந்துவிடும். விரிவுரையாளர் அந்தப் பிள்ளையின் ஒன்றுவிட்ட மாமியாகவே இருக்கலாம். கட்டுரைக்குத் தேவையில்லாத விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். என் கட்டுரையில் "ஒரு இளம் பெண்" என்று மட்டும் இருந்தது. வைத்தியசாலை, வார்ட் இலக்கம், கட்டில் இலக்கம், திகதி எதுவும் இல்லை. காய்ச்சலின் ஐந்தாம் நாள் என்பது இருந்தது, ஏனென்றால் அது இல்லாமல் பகுப்பாய்வு நிற்காது. பொறுப்புத் தாதிக்கும் இதே மரியாதை வேண்டும். அவரை "மூத்த தாதி ஒருவர்" என்று எழுதினேன். கட்டில் டிக்கெட்டையோ அட்டவணையையோ போனில் படமெடுத்து வைக்கவே கூடாது. எண்களை மட்டும் கொப்பியில் குறித்தால் போதும்.

விவரிப்பு: பிறகு தெரிந்ததை உள்ளே விடாதீர்கள்

1,500 சொற்களில் விவரிப்புக்கு 200 சொல் கொடுங்கள். அதற்கு மேல் போனால் வேறு எங்கோ குறையும்.

இந்தப் பகுதியில் வரும் பெரிய பிழை நீளம் மட்டும் அல்ல. எழுதும்போது எங்களுக்கு முடிவு தெரியும். அதனால் "நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை" என்று முதல் பந்தியிலேயே எழுதிவிடுவோம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அதுவல்ல. எனக்குத் தெரிந்தது 37.2, 100க்கு 80, 116, குளிர்ந்த கை, சந்தோஷமான தாய். இவ்வளவுதான். அதை மட்டும் எழுதினால், வாசிப்பவர் என் இடத்தில் நின்று, "இதைப் பார்த்து ஒருவர் நல்லா வருது என்று ஏன் நினைத்தார்?" என்று கேட்பார். பகுப்பாய்வு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான். விவரிப்பிலேயே பிழையை ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தக் கேள்வி பிறக்காது, "கவனயீனம்" என்ற ஒரே பதிலோடு கட்டுரை முடிந்துவிடும்.

இதை ஒரு முறை செய்து பாருங்கள். விவரிப்பை எழுதியபின் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் நேரம் போடுங்கள். என்னுடையதில் பத்து மணி, பத்து ஐந்து, பத்து இருபத்தைந்து என்று வந்தது. பத்து ஐந்துக்குரிய பந்தியில் பத்து இருபத்தைந்துக்குத்தான் தெரிந்த ஒரு தகவல் நுழைந்திருந்தால் அதை வெட்டிக் கீழே கொண்டு போங்கள்.

உணர்வுகள்: எத்தனை, எப்போது

இதற்கு 150 சொல் போதும். "நான் மிகவும் வருந்தினேன், இனி இப்படி நடக்காது என உறுதி பூண்டேன்" என்று எழுதுபவர்கள் அதிகம். அது விரிவுரையாளருக்குச் சொல்லும் மன்னிப்பு. இந்தப் பகுதி கேட்பது வேறு. அந்தந்த நேரத்தில் என்ன உணர்ந்தீர்கள், அது உங்களை என்ன செய்ய வைத்தது?

என் கொப்பியில் மூன்று இருந்தன. பத்து மணிக்கு அவசரம். வார்ட் ரவுண்டுக்கு முன் இருபத்திரண்டு கட்டில்களின் அளவுகளையும் முடிக்க வேண்டும், அது பதினாலாவது. பத்து ஐந்துக்குச் சந்தோஷம். அந்தத் தாய் மூன்று இரவு நித்திரை கொள்ளாதவ. அவவின் முகம் மலர்ந்ததை நான்தான் செய்தேன் என்ற ஒரு பெருமை. பத்து இருபத்தைந்துக்கு வெட்கம், பிறகு பயம். இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமானது இரண்டாவது. வெட்கத்தை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் பிழைக்கு வழிவிட்டது வெட்கமல்ல, அந்தச் சந்தோஷம். தாயின் முகத்தைப் பார்த்தபின் திரும்பவும் கையைத் தொட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதத் தயக்கமாக இருந்தது, எழுதிய பிறகுதான் கட்டுரை நகர்ந்தது.

உணராததை எழுத வேண்டாம். சிலருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றியிராது, வேலை வேலையென்று ஓடியிருப்பார்கள். அப்படியென்றால் அதையே எழுதுங்கள்.

மதிப்பீடு

எது சரியாகப் போனது, எது பிழைத்தது. 200 சொல். இதைப் பகுப்பாய்வோடு குழப்புவதுதான் வழக்கம். மதிப்பீட்டில் "ஏன்" வரக் கூடாது, "என்ன" மட்டும். சரியாகப் போனது: அளவுகளை நேரத்துக்கு எடுத்தேன், நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணினேன், எண்களை மாற்றாமல் உள்ளபடி குறித்தேன். பொறுப்புத் தாதி கண்டுபிடித்தது நான் குறித்த அந்த எண்களில் இருந்துதான். பிழைத்தது: காலை ஆறு மணி அளவோடு ஒப்பிடவில்லை, கை குளிர்ந்ததை யாருக்கும் சொல்லவில்லை, கடைசியாக எப்போது சலம் போனது என்று கேட்கவில்லை, தாய்க்கு உறுதி கொடுத்தேன்.

சரியாகப் போனதை விட்டுவிடாதீர்கள். தன்னடக்கத்துக்காக எல்லாவற்றையும் பிழையென்று எழுதினால் மதிப்பீடு இல்லாமல் போகிறது.

பகுப்பாய்வு: இரண்டு "ஏன்" போதும்

500 சொல்லை இதற்கு வையுங்கள். புள்ளிகளில் பெரும் பங்கும் இங்கேதான் கிடைக்கும். மதிப்பீட்டில் பிழைத்தவை நாலு வந்தால் நாலையும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம். இரண்டை எடுத்து ஆழமாகப் போங்கள்.

முதல் ஏன்: 100க்கு 80 எனக்கு ஏன் நல்ல அளவாகத் தெரிந்தது? நேர்மையான பதில், நான் மேல் எண்ணை மட்டும் பார்த்தேன். பிரஷர் விழுந்தால் மேல் எண் 90க்குக் கீழே போகும் என்று படித்திருந்தேன். 100 அதற்கு மேலே, அப்போ சரி. இந்த இடத்தில்தான் பாடப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையம் குழாய்களில் இருந்து கசிகிறது. குழாய்க்குள் அளவு குறையும்போது உடம்பு கை கால்களின் சிறு குழாய்களைச் சுருக்கி முக்கிய உறுப்புகளுக்குக் குருதியைக் காப்பாற்றுகிறது. சுருங்கிய குழாய்களால் கீழ் எண் ஏறுகிறது. மேல் எண் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி, பல்ஸ் பிரஷர் என்று சொல்வது, ஒடுங்குகிறது. காலை ஆறு மணிக்கு 40. பத்து மணிக்கு 20. டெங்குவில் 20 அல்லது அதற்குக் கீழே என்பது அதிர்ச்சி நிலையின் அடையாளம். மேல் எண் விழுவது பிந்தித்தான். நான் பிந்தி வரும் அடையாளத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். குளிர்ந்த கையும் அதே சுருக்கத்தின் விளைவு, மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நகத்தின் நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும், நாலு விநாடி எடுத்ததும் அதே காரணத்தால்.

பாருங்கள், இங்கே புத்தக அறிவு தனியாக நிற்கவில்லை. என் எண்ணை எடுத்து, என் நினைப்பை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. பல கட்டுரைகளில் பகுப்பாய்வு என்ற தலைப்பின் கீழ் டெங்கு பற்றிய ஒரு பக்கக் குறிப்பு இருக்கும், அது வைரஸ், இது நுளம்பு என்று. அந்தப் பந்தியைத் தூக்கி இன்னொருவரின் கட்டுரையில் ஒட்டினாலும் பொருந்தும் என்றால் அது பகுப்பாய்வு அல்ல. இந்த ஒட்டிப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு பந்திக்கும் செய்யுங்கள். ஆதாரத்துக்கு விரிவுரைக் குறிப்பை மட்டும் நம்பாமல், சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிட்ட டெங்கு வழிகாட்டியைத் தேடி எடுங்கள். எங்கள் வார்டுகளில் நடப்பது அதன்படிதான்.

இரண்டாவது ஏன்: தாய்க்கு ஏன் அப்படிச் சொன்னேன்? இதை எழுதும்போது என் பாட்டி ஞாபகம் வந்தா. எங்கள் வீடுகளில் காய்ச்சல் விட்டால் வருத்தம் விட்டது. கொத்தமல்லி அவித்துக் குடுத்து, வேர்த்து, உடம்பு குளிர்ந்தால் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் டெங்குவில் கசிவு தொடங்கும் நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தோடு ஒத்து வரும், காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் இருக்கும். தாய் கேட்டது வீட்டு அறிவில் இருந்து. நான் பதில் சொன்னதும் அதே வீட்டு அறிவில் இருந்துதான், சீருடை மட்டும்தான் வேறு. விரிவுரையில் "ஐந்தாம் நாள்" என்று எழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கியிருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது அந்த அறிவு எழும்பி வரவில்லை. படித்தது தெரியாமல் போகவில்லை, பழைய அறிவு முந்திக்கொண்டது. "எனக்கு அறிவு போதாது" என்று எழுதுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவதுக்கு மருந்து இன்னும் படிப்பது. இரண்டாவதுக்கு மருந்து வேறு.

இன்னொன்று. கிப்ஸ் வட்டம் "நான்" என்ற ஆளைச் சுற்றியே சுழலும். வார்டின் நிலைமை, ஆட்பற்றாக்குறை, மாணவிக்கும் மூத்தவர்களுக்கும் இடையிலான தூரம் பற்றி அது நேராகக் கேட்காது. நீங்களாகத்தான் கேட்க வேண்டும். ஒரு மாணவி ஒரு மணித்தியாலத்தில் இருபத்திரண்டு பேரின் அளவுகளை எடுத்தால், அளவு எடுப்பது மட்டும்தான் நடக்கும், யோசிப்பது நடக்காது. இதை நான் எழுதினேன். ஆனால் புகாராக எழுதவில்லை. நிலைமையை ஒரு வசனத்தில் சொல்லி, "அந்த நிலைமைக்குள் எனக்கு இருந்த வழி என்ன?" என்று அடுத்த வசனத்தில் கேட்டேன். எல்லோரையும் ஒரே வரிசையில் பார்க்காமல், ஐந்தாம் நாள் டெங்கு நோயாளிகளை முதலில் பார்த்திருக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.

முடிவும் செயற்திட்டமும்

முடிவில் "தொடர்பாடல் முக்கியம் என்று கற்றுக்கொண்டேன்" என்று எழுதினால் அது எந்தச் சம்பவத்துக்கும் பொருந்தும். முடிவு என்பது அன்று நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதற்கான பதில். அதுவும் பகுப்பாய்வில் இருந்தே பிறக்க வேண்டும். என் முடிவு 150 சொல்லில் இரண்டே விஷயம்: இடைவெளியைக் கணக்கிட்டு முந்திய அளவோடு ஒப்பிட்டிருந்தால் இருபது நிமிடம் முன்னமே சொல்லியிருக்கலாம், தாயின் கேள்வியைக் காய்ச்சல் பற்றிய கேள்வியாக எடுக்காமல் பிள்ளையைத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பாக எடுத்திருக்கலாம்.

செயற்திட்டம் 200 சொல். விரிவுரையாளர் நாளைக்கு வார்டுக்கு வந்து நின்று பார்த்தால், நீங்கள் அதைச் செய்கிறீர்களா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். "அதிக கவனம் செலுத்துவேன்" என்பதை யாரும் பார்க்க முடியாது. நான் எழுதியது ஏறத்தாழ இப்படி:

"அடுத்த பயிற்சியின் முதல் நாளில் இருந்து, டெங்கு நோயாளி ஒவ்வொருவருக்கும் பிரஷர் எடுத்தவுடன் இடைவெளியைக் கணக்கிட்டு என் கொப்பியில் முந்திய இடைவெளிக்குப் பக்கத்தில் எழுதுவேன். அது குறைந்திருந்தால், அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கையைத் தொட்டு, நகத்தை அழுத்தி, கடைசியாகச் சலம் போன நேரத்தைக் கேட்டு, பொறுப்புத் தாதியிடம் சொல்வேன். 20 அல்லது அதற்குக் கீழே என்றால் வேறெதையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே சொல்வேன்."

எப்படிச் சொல்வது என்பதையும் திட்டத்தில் சேருங்கள். மூத்தவர்களிடம் போய் "மிஸ், அந்தப் பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறா" என்றால் வேலை மும்முரத்தில் அது காதில் ஏறாது. எஸ்-பார் என்ற ஒழுங்கு இதற்குத்தான் இருக்கிறது: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள். என் சம்பவத்தில் அது இப்படி வந்திருக்கும்: "மிஸ், டெங்குப் பிள்ளைக்கு இடைவெளி இருபதுக்கு வந்திட்டுது. இண்டைக்கு ஐஞ்சாம் நாள், காலமை நாப்பது இருந்தது. கை குளிர்ந்து கிடக்கு, நாடி நூத்திப் பதினாறு, லீக் ஆகுதோ எண்டு நினைக்கிறன். ஒருக்கா இப்ப வந்து பாருங்கோ." நாலே வசனம். கண்ணாடிக்கு முன் நின்று நாலைந்து தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கூச்சம் போகும்.

தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலையும் எழுதி வைத்தேன்: "காய்ச்சல் விட்டது சரி அம்மா. ஆனா இந்த வருத்தத்திலை இனி வாற ஒரு நாள் ரெண்டு நாள்தான் நாங்கள் வடிவாப் பாக்கிற நாள். கை கால் குளிர்ந்தாலோ, சலம் குறைஞ்சாலோ, வயித்துக்குள்ளை நொந்தாலோ உடனை என்னைக் கூப்பிடுங்கோ." இதில் பொய்யான உறுதி இல்லை, பயமுறுத்தலும் இல்லை. தாயும் சேர்ந்து பார்ப்பா.

பிழை உங்களுடையதாக இல்லாவிட்டால்

கடினமான பயிற்சி எல்லாம் மாணவியின் பிழையால் கடினமாவதில்லை. நோயாளிகளுக்கு முன்னால் ஒரு மூத்தவர் உங்களைக் கத்தினார் என்று வையுங்கள். அதை எழுதலாம். ஆனால் அவர் ஏன் கத்தினார் என்பதை ஊகித்து எழுதத் தொடங்கினால் கட்டுரை அவரைப் பற்றியதாகிவிடும். அவர் சொன்ன வசனத்தை அப்படியே போடுங்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் நில்லுங்கள். கத்தலுக்குப் பிறகு அன்று முழுக்க அவரிடம் எதையும் கேட்காமல் தவிர்த்தீர்களா? அதனால் ஏதாவது நோயாளிக்குக் கேட்க வேண்டியது கேட்கப்படாமல் போனதா? பகுப்பாய்வு அங்கே இருக்கிறது. கத்தல் திரும்பத் திரும்ப நடந்து உங்களை நோகடிக்கிறது என்றால் அது கட்டுரைக்குரிய விஷயம் அல்ல. பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன்

சொற்களை எண்ணுங்கள். அறிமுகத்துக்கு 100, விவரிப்பு 200, உணர்வு 150, மதிப்பீடு 200, பகுப்பாய்வு 500, முடிவு 150, செயற்திட்டம் 200. கூட்டினால் 1,500. உங்களுக்குத் தந்த அளவு வேறென்றால் இதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். விவரிப்பு பகுப்பாய்வை விட நீளமாக இருந்தால் திருப்பி எழுத வேண்டும், வேறு வழியில்லை.

பிறகு செயற்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு வரியில் இருந்தும் பகுப்பாய்வுக்கு ஒரு கோடு இழுங்கள். எந்தக் காரணத்துக்காக இந்தச் செயல்? கோடு போய்ச் சேர இடமில்லாத செயல் இருந்தால் அது எங்கிருந்தோ வந்து ஒட்டியது, எடுத்துவிடுங்கள். பகுப்பாய்வில் சொன்ன காரணத்துக்குச் செயற்திட்டத்தில் மருந்து இல்லையென்றால் ஒன்றைச் சேருங்கள். என் முதல் வரைவில் இப்படித்தான் ஒரு குறை இருந்தது. "வீட்டு அறிவு முந்திக்கொண்டது" என்று பெரிதாக எழுதியிருந்தேன், ஆனால் திட்டத்தில் "டெங்கு பற்றி மேலும் வாசிப்பேன்" என்று இருந்தது. வாசிப்பதால் அது சரியாகாது. அதை வெட்டிவிட்டுத்தான் கொப்பியில் இடைவெளியை எழுதும் வழக்கத்தைச் சேர்த்தேன். கை எழுதும்போது கண் கட்டாயம் பார்க்க வேண்டி வரும்.

செயற்திட்டத்தை ஒரு தாளில் எழுதி அடுத்த பயிற்சிக்கு எடுத்துப் போகும் கொப்பியின் முன்னட்டைக்குள் ஒட்டுங்கள். என்னுடையதில் சில கிழமை கழித்து, வேறொரு வார்டில், வேறொரு நோயாளியைப் பற்றி நீலப் பேனையால் ஒரு குறிப்பு இருக்கிறது: "காலை 45, இப்ப 25. கை குளிர். நகம் 3 விநாடி. மிஸ்ஸுக்குச் சொன்னேன், 2.10."